மீட்புப் பென்டிரைவ்: வைஃபை டிரைவரையும் இப்படி வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் மடிக்கணினி நன்றாக ஓடும்போதே அதற்கு ஒரு மீட்புப் பென்டிரைவ் தயார் செய்கிறேன். 32 ஜிபி பென்டிரைவில் வென்டாய் போட்டு, விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவையும் குளோன்சில்லாவையும் வைத்தேன்.

சோதனைக்காக அதிலிருந்து பூட் செய்தேன். விண்டோஸ் நிறுவும் திரை வந்தது, ஆனால் வட்டுப் பட்டியலில் எஸ்எஸ்டியைக் காணோம். பென்டிரைவ் மட்டும்தான் தெரிந்தது. பயாஸில் பார்த்தால் VMD இயக்கத்தில் இருந்தது. அதற்கு இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் வேண்டும். செட்டப் கோப்பை அப்படியே வைத்தால் உதவாது, முன்கூட்டியே பிரித்தெடுக்க வேண்டும்:

```
SetupRST.exe -extractdrivers C:\VMD
```

அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் போட்டு, Load driver கொடுத்து, iaStorVD.inf இருக்கும் இடத்தைக் காட்டினேன். எஸ்எஸ்டி உடனே தெரிந்தது, அப்பாடா! அதற்கு மேல் போகாமல் வெளியே வந்துவிட்டேன்.

VMD-ஐ அணைத்துவிடச் சொல்கிறார் மைத்துனர். இப்போதிருக்கும் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம் என்பதால் தொடவில்லை. பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டேன்.

சரி, என் சந்தேகம் இதுதான்: நிறுவி முடிந்ததும் இணையம் கேட்கும் திரை வரும். அங்கே வைஃபை வேலை செய்யாவிட்டால், பென்டிரைவில் பிரித்து வைத்த வைஃபை டிரைவரை அந்தத் திரையிலேயே ஏற்ற முடியுமா? செய்து பார்த்தவர்கள் எந்தக் கோப்புகளை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.