புதுப்பிப்பு: இன்டர்வியூவுக்குப் பிறகு வந்த கலியாணக் கேள்வி

முன்பு நான் இங்கே கேட்ட கேள்வி இது: "இன்டர்வியூ முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வாட்ஸ்அப்பில் 'கலியாணம் எப்ப, அதுக்குப் பிறகும் வேலை செய்வீங்களா?' என்று கேட்கிறார்கள். என்ன பதில் போடுவது?"

பதில் அனுப்பிவிட்டேன். கல்முனையில் ஆட்சேர்ப்பு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது: திட்டம் எதையும் எழுதாதே, பொய்யும் சொல்லாதே, அவர்களுடைய உண்மையான பயம் எதுவோ அதற்கு மட்டும் பதில் சொல். இது கணக்குப் பிரிவு வேலை, மாத முடிவில் இருட்டும்வரை நிற்க வேண்டும், அம்பாறைக் கிளைக்கும் போக வேண்டும். அதனால் இப்படி எழுதினேன்:

"வணக்கம் சேர். குடும்ப விஷயங்களைத் தனியாகவே வைத்திருக்க விரும்புகிறேன். மாத முடிவு வேலைக்கும் அம்பாறைப் பயணத்துக்கும் எனக்குத் தடையில்லை. முந்தைய இடத்தில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை மாதாமாதம் 5ஆம் திகதிக்குள் முடித்துக் கொடுத்தேன், மாதிரி ஒன்று அனுப்பவா?"

இப்படிக் கேட்பதே சட்டப்படி குற்றம் என்று என் கேள்விக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார், அது பாதிதான் சரி. இலங்கை அரசியலமைப்பின் உறுப்புரை 12(2) பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது, ஆனால் அடிப்படை உரிமை மனு அரச தரப்பின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம், இதுவோ தனியார் கம்பனி.

சேர் மாதிரியைக் கேட்டு வாங்கினார், கலியாணப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. வேலை பற்றி இன்னும் முடிவு வரவில்லை.