கலைச்சொல் தேவை: தூக்க மாத்திரையை 'டேப்பர்' செய்வதற்குத் தமிழில் என்ன?

கலைச்செல்வி, முத்தியால்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். இங்கே புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவருக்காக, நோயாளியின் வீட்டாருக்குக் கொடுக்கும் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். அல்பிரசோலம், டையாசிபம் மாதிரி மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதுதான் விஷயம். இரண்டு சொற்களில் நிற்கிறேன்: உடம்பு மாத்திரைக்குப் பழகி அது இல்லாமல் முடியாமல் போகும் டிபென்டன்ஸ், அளவை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தும் டேப்பரிங். முதலாவதை 'அடிமையாதல்' என்று எழுதினேன், டாக்டர் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்க அவருக்கு நேரமில்லை, எனக்கும் இல்லை.

புலவர் திருமாறன், மஞ்சக்குப்பம்

அம்மா, முதல் சொல்லுக்கு வள்ளுவரிடமே போகலாம். 'சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்' என்கிறார், அதே குறளில் 'சார்தரு நோய்' என்றும் வருகிறது. சார்பு என்று வையுங்கள். டேப்பர் என்பது நுனி நோக்கிச் சிறுத்துப் போவது, அதற்குக் 'கூம்பல்' இருக்கிறது. தாமரை கூம்புகிறது, கை கூம்புகிறது. கப்பலின் பாய்மரமும் கூம்புதான், புறநானூற்றில் 'கூம்பொடு மீப்பாய் களையாது' புகாருக்குள் பெருங்கலம் வருகிறது. குவி, குவளை, குமிழ், கொம்பு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு, இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

சடகோபன், மருந்தாளுநர், லாஸ்பேட்டை

ஐயா, என் கடைக்கு வருபவரிடம் கூம்பல் என்றால் பம்பு ரிப்பேரா என்பார். மக்களுக்குப் புரிவது அடிமை. இன்னொன்று, மாத்திரையை நிறுத்த மாதக்கணக்கு எதற்கு என்பதே எனக்குச் சந்தேகம். அல்பிரசோலம் 11 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகும். இரண்டரை நாளில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் உடம்பு சுத்தம்.

டாக்டர் ரேவதி, கடலூர்

சடகோபன் சார், இரண்டரை நாள் கணக்கு சரி. ஆனால் சிக்கல் தொடங்குவதே மருந்து போன பிறகுதான். மூளையில் பிரேக் மாதிரி வேலை செய்யும் பொருள் காபா. இந்த மாத்திரை தானாகப் பிரேக் போடாது, காபா போய் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மிதியும் கூடுதலாகப் பிடிக்கும்படி செய்யும். நாலு வாரம், ஆறு வாரம் என்று போகும்போது மூளை இதைச் சரிக்கட்டப் பார்க்கும். காபாவை வாங்கும் இடங்கள் முன்போல அசையாது, எதிர்ப்பக்கத்தில் கிளப்பிவிடும் குளுட்டமேட் ஏறிக்கொள்ளும். இப்போது மாத்திரையை நிறுத்தினால் தேய்ந்த பிரேக்கும் அழுத்திய ஆக்சிலேட்டரும்தான் மிச்சம். தூக்கம் போகும், நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். மருந்து இரண்டரை நாளில் போய்விடும், அந்த மாற்றம் திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். வேகமாக இறங்கும் மருந்து என்பதால்தான் அல்பிரசோலத்தில் இது இன்னும் கடுமையாக வருகிறது.

அதனால்தான் அந்த டாக்டர் 'அடிமை'யை அடித்திருப்பார். அடிமை என்றால் கட்டுப்பாடு போய், கெடுதல் தெரிந்தும் தேடித் தேடிப் போவது. சொன்ன அளவிலேயே சாப்பிட்டவருக்கும் நான் மேலே சொன்னது நடக்கும். சார்பு சரியான சொல்.

ஜான்சன், கடலூர் முதுநகர்

நான் சொல் ஆய்வுக்கு வரவில்லை, ஆனால் இது என் கதை. அப்பா போன பிறகு தூக்கத்துக்கு அரை மில்லி அல்பிரசோலம், ராத்திரி ஒன்று. ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் இரண்டு போட்டதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனபோது அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். முதல் ராத்திரி கண் மூடவில்லை. இரண்டாம் நாள் விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனா நிற்கவில்லை, டியூப் லைட் கண்ணைக் குத்தியது, பக்கத்து அறையில் தட்டு வைக்கும் சத்தம் மண்டைக்குள் விழுந்தது. பழைய பதற்றம் திரும்பிவிட்டது, இனி ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று என் மனைவி அழுதாள். என்னை அடிமை என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்திருந்தால் நான் அந்த டாக்டரிடம் மறுபடி போயிருக்க மாட்டேன்.

டாக்டர் ரேவதி

ஜான்சன் சொன்னதில் துண்டறிக்கைக்கு வேண்டியது இருக்கிறது. பழைய பதற்றமா, நிறுத்தியதன் விளைவா என்று எப்படிப் பிரிப்பது? வெளிச்சம் குத்துவதும் சத்தம் பொறுக்காததும் அவருக்கு முன்னே இருந்ததில்லை, நிறுத்தி இரண்டு நாளில் வந்தன. முன்பு இல்லாத தொல்லை, அளவு குறைந்த சில நாளில் வந்தால் முதலில் மாத்திரையைத்தான் சந்தேகிக்கணும். தம்பி, பிறகு எப்படிக் குறைத்தார்கள்?

ஜான்சன்

முதலில் டையாசிபம் 10 மில்லிக்கு மாற்றினார்கள். அது உடம்பில் நிதானமாக இறங்குமாம். இரண்டு வாரத்துக்கு ஒரு மில்லி குறைத்து 5 வரை வந்தோம், ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. 5-இலிருந்து 4-க்கு வந்ததும் மறுபடி நடுக்கம். டாக்டர் மேலே ஏற்றாமல் அங்கேயே ஒரு மாதம் நிறுத்தி, அப்புறம் அரை அரை மில்லியாகக் குறைத்தார். 2 மில்லி மாத்திரையைச் செய்தித்தாள் மேல் வைத்து பிளேடால் கால் கால் ஆக்குவேன், பாதி நாள் தூளாகும். மொத்தம் எட்டு மாதம்.

சடகோபன்

சரி, அடிமையை விட்டுவிடுகிறேன். இதை வாசித்த பிறகு அந்தச் சொல்லை என் கடையிலும் சொல்ல மாட்டேன். டேப்பரிங்குக்குப் 'படிக்குறைப்பு' வைக்கலாமே, படி படியாகத்தானே இறங்கினார்?

டாக்டர் ரேவதி

அழகாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பயம் அந்தப் 'படி'யில்தான். படி என்றால் எல்லாம் ஒரே உயரம். 10-இலிருந்து 9 போவது பத்தில் ஒரு பங்கு, 2-இலிருந்து 1 போவது பாதி. ஒரு மில்லி ஒரு மில்லிதான், ஆனால் மூளைக்கு அது ஒன்றல்ல. ஜான்சனுக்கு 5-க்குக் கீழேதானே தடுக்கியது. நியூகாசலில் இதற்கென்றே சிகிச்சையகம் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டனும் மருந்து இறங்க இறங்க வெட்டும் அளவையும் சின்னதாக்கச் சொன்னார். எல்லாருக்கும் ஒரே அட்டவணை கிடையாது, வயதானவர்களுக்கு டையாசிபமே தேங்கிவிடும் என்பதால் பழைய மாத்திரையையே குறைப்பதும் உண்டு.

புலவர் திருமாறன்

பார்த்தீர்களா, நுனி நோக்கிச் சிறுத்துப் போவது! அம்மையார் விளக்கியதே கூம்பலைத்தான். அது வேண்டாமென்றால் 'தேய்பிறை முறை'.

கலைச்செல்வி

தேய்பிறை எனக்கும் பிடித்தது ஐயா. ஆனால் பதினைந்து நாளில் அமாவாசை வந்துவிடும், எட்டு மாதம் என்பதை எப்படிச் சொல்வேன்? தேய்பிறையில் எதையும் தொடங்கமாட்டேன் என்று சொல்லும் வீடுகளும் உண்டு.

நாளை காலை அச்சு. 'மருந்துச் சார்பு', 'மெல்லக் குறைத்தல்' என்று போடுகிறேன். கலைச்சொல்லாக இல்லை, தெரியும். டாக்டர் சொன்னதைச் சேர்த்து அந்தப் பத்தி இப்படி வருகிறது: "மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் மெல்லக் குறைப்பார். கடைசிப் பகுதிக்குத்தான் அதிக நாள் ஆகும். நடுவில் நடுக்கமோ தூக்கமின்மையோ வந்தால் அதே அளவில் நின்று மருத்துவரிடம் சொல்லுங்கள்."

ஜான்சன்

வலிப்பு வந்தால் நிற்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி என்று ஒரு வரி சேருங்கள் அக்கா.

கலைச்செல்வி

சேர்த்துவிட்டேன்.

புலவர் திருமாறன்

நான்கு பேரும் ஒரு பக்கம் என்றால் தடுக்கவில்லை. ஆனால் 'மெல்லக் குறைத்தல்' ஒரு சொல் அன்று, இரண்டு. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது கூம்பலைப் போடுங்கள். குமிழ், கொம்பு பற்றிய மடல் ஞாயிறன்று வரும்.