பொருள்: ஃபீல்ட் ஆஃப் வியூ – தமிழில் எப்படி எழுதலாம்?

கயல்விழி:
வணக்கம். மடிக்கணினி வெப்கேமில் தலையும் தோளும் அளவாகத் தெரிவது பற்றி ஓர் உதவிக்குறிப்பைத் தமிழாக்குகிறேன். கேமரா எவ்வளவு விரிவாகக் காட்டும் என்பதைச் சொல்லும் ஃபீல்ட் ஆஃப் வியூ 78° என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 'பார்வைக் கோணம்' என்றால் ஒருவருடைய கருத்து என்று படிக்கிறார்கள். 'தோளளவுச் சட்டகம்' என்பதும் சரிதானா?

இளங்கோ:
'காட்சிப்பரப்பு' போதும். இதன் பாகை கூடினால் மூக்கு பெருத்துத் தெரியும், அமைப்பில் குறைத்துவிட்டால் முகம் சரியாகும் என்றும் சேர்த்துவிடுங்கள்.

மணிமேகலை:
இளங்கோ, மூக்கு பெருப்பது தொலைவால். கேமராவுக்கு 40 செ.மீ. தள்ளி மூக்கு இருந்தால், காது ஏறக்குறைய 52 செ.மீ. தள்ளி இருக்கும், மூக்கு அதைவிட 30 விழுக்காடு பெரிதாக விழும். உட்கார்ந்த இடத்திலேயே பாகையைக் குறைத்தால் ஓரம்தான் வெட்டுப்படும், மூக்கு அப்படியே இருக்கும். ஆனால் பாகை குறைந்தால் முகம் சட்டகத்தை அடைக்கிறதே என்று நாமே பின்னால் நகர்வோம். அந்த வகையில் நீங்கள் சொல்வது பலிக்கும்.

'பரப்பு' என்றால் சதுர அடி நினைவுக்கு வருகிறது. பாகைக்குக் 'காட்சிக்கோணம்', ஒரு தொலைவில் அடங்கும் அளவுக்குக் 'காட்சியகலம்', 'காட்சியுயரம்' என்று பிரிக்கலாம். 78° என்பது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தது. 16:9 படத்தில் அது கிடையாக 70°, நெடுக்காக 43°. ஆகவே 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் காட்சியகலம் 85 செ.மீ., காட்சியுயரம் 48 செ.மீ. தலைக்கு மேல் 5, தலைக்கு 23 போக, மோவாய்க்குக் கீழே 20 செ.மீ. மிஞ்சும். தோள்கள் தாராளமாக அடங்கும்.

சுப்பையா:
அம்மா, என் படத்தில் மின்விசிறியும் மோவாயும்தான் தெரிகின்றன. எத்தனை பாகை காட்சிக்கோணம் வைக்க வேண்டும்?

மணிமேகலை:
ஐயா, அது கேமராவின் உயரக் கோளாறு. மேசைமேல் வைத்த மடிக்கணினியில் கேமரா கண்ணைவிடச் சுமார் 20 செ.மீ. தாழ்ந்திருக்கும். 60 செ.மீ. தொலைவில் அது 18° அண்ணாந்து பார்க்கிறது. முகத்தைப் பிடிக்கத் திரையைச் சாய்ப்பதால் கூரையும் உள்ளே வருகிறது. அடியில் புத்தகங்களை அடுக்கிக் கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, திரையை நிமிர்த்துங்கள்.

சுப்பையா:
உயர்த்தினால் தட்டச்சு செய்யக் கை எட்டவில்லையே?

மணிமேகலை:
தனி விசைப்பலகை வேண்டும். இல்லையென்றால் பேசும்போது மட்டும் 90 செ.மீ. தள்ளி உட்காருங்கள், அண்ணாந்த பார்வை 12° அளவுக்குக் குறையும். ஆனால் காட்சியுயரம் 71 செ.மீ. ஆகிவிடும். அந்த நிலையில் காட்சிக்கோணத்தைக் குறைப்பதில் பொருள் உண்டு, உங்கள் கேமரா இடம் கொடுத்தால்.

இளங்கோ:
காட்சிக்கோணம் எனக்குச் சம்மதம். தோளளவு மட்டும் ஒட்டவில்லை. மோவாய்க்குக் கீழே 20 செ.மீ. என்றால் நெஞ்சும் வந்துவிடுகிறதே? 'மார்பளவு' என்பது சிலைக்கும் புகைப்படத்துக்கும் ஏற்கெனவே வழங்கும் சொல்.

கயல்விழி:
மார்பளவு என்று எழுதினால் கைகளும் தெரிய வேண்டுமோ என்று பின்னால் போய்விடுவார்கள். காட்சிக்கோணத்தை இன்றே சேர்க்கிறேன். தோளா மார்பா என்பதில் மற்றவர்களும் சொல்லுங்கள்.