சேர்வர் ஐபியில வங்கிப் பக்கம் திறக்கேல்லை, ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

கிளிநொச்சி நிரூ
கடைக் கணக்குக்கெண்டு சிங்கப்பூரில சின்னச் சேர்வர் ஒண்டு வாடகைக்கு எடுத்து வயர்கார்ட் வீபிஎன் போட்டு வச்சிருக்கிறன், கடை கம்ப்யூட்டர், போன் எல்லாம் அதுக்குள்ளாலதான் போகுது. செய்தி, மெயில் எல்லாம் நல்லா வருது, ஆனா வங்கிப் பக்கம் போனா வெள்ளைத்தாளில Access Denied எண்டு வருது, படம் பாக்கிற ஆப் புரொக்சியை நிப்பாட்டச் சொல்லுது. வயர்கார்ட்டை நிப்பாட்டினா ரெண்டும் திறக்குது. பிளாக்லிஸ்ட் பாக்கிற தளத்தில சேர்வர் ஐபியைப் போட்டுப் பாத்தன், எல்லாம் பச்சை. பிறகேன் மறிக்கிறாங்கள்?

மல்லாவித் தாசன்
சிங்கப்பூர் எண்டபடியாத்தான் தம்பி. வெளிநாட்டு ஐபி எண்டா வங்கி விடாது, படக்காரரும் நாட்டைப் பாத்துத்தான் விடுவினம்.

நெடுங்கேணிப் பெடியன்
படத்துக்கு நாடு முக்கியம்தான், ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை வேற வேற. ஆனா என்ர மச்சாள் லண்டன் வீட்டில இருந்து இஞ்சத்தை வங்கியை ஒவ்வொரு மாசமும் திறக்கிறாவே அண்ணை?

புதுக்குடியிருப்பு வாணி
எனக்கு மறுவளமா நடந்தது. வீட்டு ரவுட்டர் ஐபியை அந்தத் தளத்தில போட்டா ஒண்டு சிவப்பு. ஆரோ ஹாக் பண்ணிட்டாங்கள் எண்டு பயந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்தி ரவுட்டரையும் ரீசெட் பண்ணினன், இன்னும் சிவப்புத்தான். வங்கி மட்டும் ஒழுங்காத் திறக்குது.

ஒட்டுசுட்டான் குமரன்
ஹோஸ்டிங் கொம்பனி ஒண்டில முறைப்பாட்டு மெயில் பாக்கிற வேலை செய்தனான், அதால சொல்லுறன். நீங்கள் ரெண்டு பேரும் பாத்தது மெயிலுக்கான லிஸ்ட், வங்கி பாக்கிறது வேற. வாணி, வீட்டில இதை அடிச்சுப் பாருங்கோ, ஐபி 203.0.113.25 எண்டா இலக்கங்களைத் திருப்பிப் போடவேணும்:

```
dig +short 25.113.0.203.zen.spamhaus.org
```

127.0.0.10 அல்லது 11 வந்தா அது பிபிஎல். இது வீட்டு லைன், இதில இருந்து நேரா மெயில் சேர்வருக்கு மெயில் வரக்கூடாது எண்டதுதான் அதின்ர அர்த்தம், நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. 127.0.0.4 வந்தா யோசிக்கவேணும், அது வைரஸ் பிடிச்ச மெஷினுகளின்ர லிஸ்ட். 127.255.255.254 வந்தா லிஸ்டில இருக்கெண்டு நினைக்காதேங்கோ, 8.8.8.8 மாதிரிப் பொது டிஎன்எஸ்ஸுக்குள்ளால கேட்டபடியா பதில் தரமாட்டம் எண்டு சொல்லுது.

வங்கிக்கு இது தலைகீழ். அவைக்கு வீட்டு ஐபிதான் நம்பிக்கை, ஏனெண்டா கஸ்டமர் ஆரும் சேர்வருக்குள்ள இருந்து காசு அனுப்புறேல்லை. களவெடுத்த பாஸ்வேர்டுகளை ஆயிரக்கணக்கில போட்டுப் பாக்கிற ஆக்கள்தான் மலிவாச் சேர்வர் எடுத்து அதில இருந்து வருவினம். அதால ஐபி சுத்தமோ ஊத்தையோ எண்டு பாக்க முதலே ஆற்ற ஐபி எண்டுதான் பாக்கினம். நிரூ, உங்கட ஐபியைப் போட்டு இதை அடியுங்கோ:

```
whois -h whois.cymru.com " -v 203.0.113.25"
```

ஏஎஸ் நம்பரும், அதாவது அந்த ஐபி இருக்கிற நெட்வேர்க்கின்ர இலக்கமும், சொந்தக்காரற்ற பேரும் வரும். லிஸ்ட் கட்டுற கொம்பனியள் இதைத்தான் முதல் எடுக்கினம். அமேசன் மாதிரிப் பெரிய ஆக்கள் தங்கட ஐபி எல்லாத்தையும் தாங்களே ip-ranges.json எண்டு வெளியில விட்டிருக்கினம். மற்ற ஆக்களுக்கு ஏஎஸ் பேர், ஐபியை வச்சுத் தேடினா வாற ரிவர்ஸ் டிஎன்எஸ் பேரில vps, host எண்டு கிடக்கோ, வீட்டு லைனில இருக்காத போர்ட்டுகள் திறந்திருக்கோ எண்டு பாத்து அந்த ஐபி வரிசை முழுக்க ஹோஸ்டிங் எண்டு முத்திரை குத்துவினம். அதுக்கு மேலதான் நடத்தைப் புள்ளி வரும், களவு ஆக்களைப் பிடிக்க வச்ச தூண்டில் சேர்வருகளில வந்து முட்டின ஐபி, ஒரே ஐபியில கனபேற்ற அக்கவுண்ட் எண்டு. படக்காரர் கடைசி சொன்னதைத்தான் கூடப் பாப்பினம்.

கிளிநொச்சி நிரூ
அடிச்சன் அண்ணை, ஹோஸ்டிங் கொம்பனிப் பேர்தான் வருது. அப்ப வங்கிக்கு எழுதி என்ர ஐபியை எடுக்கச் சொல்லலாமோ?

ஒட்டுசுட்டான் குமரன்
உங்களுக்காக ஒரு ஐபியைத் திறக்கமாட்டினம், நாளைக்கு நீங்கள் விட்டா அதே ஐபி வேற ஆளுக்குப் போகும். கடைப்பக்க கொன்ஃபிக்கில AllowedIPs என்னெண்டு கிடக்கு?

கிளிநொச்சி நிரூ
`0.0.0.0/0`

ஒட்டுசுட்டான் குமரன்
அது எல்லா ஐபியும் எண்ட அர்த்தம், அதாலதான் எல்லாமே சிங்கப்பூர் சுத்திப் போகுது. கணக்குச் சேர்வர் 10.8.0.1 எண்டா இப்பிடி மாத்துங்கோ, அதோட DNS எண்டு ஒரு வரி கிடந்தா அதையும் எடுங்கோ:

```
AllowedIPs = 10.8.0.0/24
```

கணக்கு மட்டும் டனலுக்குள்ளால போகும், வங்கியும் படமும் கடை லைனிலயே போகும்.

கிளிநொச்சி நிரூ
மாத்திப் பாத்திட்டன், வங்கி உடன திறந்திட்டுது. ஆப்பை ஒருக்கா மூடித் திறக்கவேண்டி வந்தது.

மாங்குளம் சுதா
நான் வீபிஎன் ஒண்டும் பாவிக்கேல்லை, போன் சிம்மிலயே அடிக்கடி கப்சா வந்து படம் தெரிவு செய்யச்சொல்லிக் கேக்குது, வங்கியும் ரெண்டுதரம் ஓடிபி கேக்குது. இதுக்கென்ன?

ஒட்டுசுட்டான் குமரன்
போனில மொபைல் டேட்டா ஐபி 100.64 தொடக்கம் 100.127 வரைக்குள்ள கிடந்தா கன சனம் வெளியில ஒரே ஐபியோட போகினம் எண்டு எடுக்கலாம், அதில ஒருத்தர் செய்தது எல்லாருக்கும் புள்ளி குறைக்கும். போனை எயார்பிளேன் மோடில போட்டு எடுத்தா சிலவேளை வேற ஐபி வரும்.

மாங்குளம் சுதா
100.81 எண்டுதான் கிடக்கு. எயார்பிளேன் போட்டாப் படம் கேக்கிறது குறையுது, ஓடிபி குறையேல்லை. வேற ஆருக்கும் இப்பிடியோ?