உள் மெயில் இழையை கிளையண்டுக்கு அனுப்ப வேண்டும். நீக்கிய வரி கீழே மறுபடி வருகிறது

உபிக்காரன் · செவ்வாய், காலை 10.12

வணக்கம். சிங்கப்பூர் உபியில் ஒரு மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டரிடம் ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். ஒரு காண்டோவில் பூஸ்டர் பம்ப் பிரச்சினை. மேல் மாடிகளுக்குத் தண்ணீர் அழுத்தம் குறைகிறது, பம்ப் நிமிடத்துக்கு நாலைந்து முறை நின்று நின்று ஓடுகிறது. எங்கள் என்ஜினியர் என்ன கண்டுபிடித்தார் என்று எழுதிய மெயிலையே அனுப்பும்படி காண்டோ நிர்வாக அலுவலகம் கேட்கிறது. நாளை மாலை அவர்கள் கவுன்சில் கூட்டம்.

இழையில் மொத்தம் 7 மெயில். இரண்டாவதில் முதலாளி, சப்ளையர் விலை 4,200 வெள்ளி, நாம் 5,900 சொல்லலாம், இவர்கள் பில் பணம் தாமதமாகத்தான் தருவார்கள் என்று எழுதியிருக்கிறார். அவுட்லுக்கில் ஃபார்வர்ட் அழுத்தி, அந்த வரிகளை அழித்தேன். பத்திரத்துக்கு என் ஆபீஸ் முகவரிக்கே முதலில் அனுப்பிப் பார்த்தேன். கீழே இறங்கிப் பார்த்தால் அதே 4,200 இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. நான் அழித்தது எப்படித் திரும்ப வருகிறது? மேற்கோள் பகுதி முழுவதையும் அழித்துவிட்டால் என்ஜினியரின் பதிலும் போய்விடுகிறது, ஏனென்றால் அவர் பழைய மெயிலுக்குள்ளேயே சிவப்பு எழுத்தில் பதில் எழுதியிருக்கிறார்.

பிடோக்_தம்பி · காலை 10.40

அண்ணா, நான் இப்படித்தான் மாட்டினேன். முகவரி அடிக்கும்போது தானாக வந்த பெயரைத் தட்டிவிட்டேன், மெயில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. உடனே Recall This Message கொடுத்தேன், வேலை செய்யவில்லை. நீங்களும் அனுப்பியாகிவிட்டால் அதை நம்பாதீர்கள்.

உபிக்காரன் · காலை 10.47

இன்னும் அனுப்பவில்லை தம்பி. அனுப்புவதற்கு முன்பு சுத்தம் செய்வதுதான் என் கேள்வி.

தேக்கா வாசகர் · காலை 11.05

எளிய வழி இருக்கிறது. ஜிமெயிலில் Print all கொடுத்து பிடிஎஃப் ஆக்குங்கள். மேற்கோள் பகுதியெல்லாம் [Quoted text hidden] என்று மாறிவிடும். மிச்சம் இருக்கும் விலையின் மேல் கறுப்புப் பட்டை போட்டு அனுப்புங்கள். பிடிஎஃப் என்றால் யாரும் மாற்ற முடியாது, நீங்களும் நிம்மதி.

ஜூரோங்_அக்கா · மதியம் 12.20

நான் பத்து வருடத்துக்கு மேல் காண்ட்ராக்ட் ஆவணங்கள் பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தேக்கா வாசகர் சொன்னதில் பாதி சரி. ஜிமெயில் அப்படித்தான் மேற்கோளை மறைத்து அச்சிடும். ஆனால் முதலாளியின் மெயில் மேற்கோள் அல்ல, அது இழையின் ஒரு தனி மெயில். அதனால் அது முழுசாக அச்சாகும். என்ஜினியரின் சிவப்புப் பதில்கள் மேற்கோளுக்குள் இருப்பதால் அவை மறையக்கூடும். வேண்டாதது தங்கும், வேண்டியது போகும். கறுப்புப் பட்டையும் ஆபத்து. சாதாரண வரையும் கருவியில் பட்டை போட்டால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டினால் 4,200 வந்து நிற்கும்.

இனி உங்கள் கேள்வி, தம்பி. அழித்தது திரும்ப வரவில்லை. அந்த வரிக்கு முதலிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருந்திருக்கின்றன. எல்லோரும் ஒழுங்காகக் கடைசி மெயிலுக்கே பதில் போட்டால் ஒவ்வொரு வரியும் ஒரு தடவைதான் இருக்கும். இழை கிளை பிரிந்தால் கதை வேறு. மூன்றாவது மெயிலில் என்ஜினியர், முதலாளியின் வரிகளை மேலே எடுத்துப் போட்டு ஒவ்வொன்றுக்கும் அடியில் பதில் எழுதியிருப்பார். அது ஒரு பிரதி. அப்புறம் யாராவது தன்னிடம் இருந்த பழைய மெயிலை நடுவில் ஒட்டியிருப்பார். அது இன்னொன்று. நீங்கள் ஒரு இடத்தில் அழித்தீர்கள், மற்றவை அப்படியே நின்றன. ஐந்தாவது, ஆறாவது மெயிலைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

அதனால் இந்த இழையை வெட்டிச் சீராக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஃபார்வர்ட் வேண்டாம், ரிப்ளை வேண்டாம், புது மெயில் திறங்கள். புது மெயிலில் பழைய அனுப்புநர் வரி இல்லை, பழைய Cc இல்லை, அட்டாச்மென்ட் இல்லை. ஃபார்வர்ட் செய்தால் அந்த மெயிலின் அட்டாச்மென்ட் எல்லாம் கேட்காமலே கூட வரும் என்பதை மறக்காதீர்கள்.

வேண்டிய வாக்கியங்களை மட்டும் எடுத்து முதலில் நோட்பேடில் ஒட்டுங்கள், அங்கிருந்து புது மெயிலுக்கு. நேராக ஒட்டினால் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் இணைப்பும் கூடவே வரும். "இங்கே பாருங்கள்" என்ற சொல்லுக்குள் உங்கள் கம்பெனி ஃபோல்டரின் பாதை ஒளிந்திருக்கலாம். நோட்பேட் அதை உதறிவிடும். ஆனால் நிறமும் போய்விடும். சிவப்பு கறுப்பாகிவிட்டால் எது கேள்வி, எது பதில் என்று கலந்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் முன்பும் நீங்களே எழுதிப் பிரியுங்கள். உங்கள் பம்புக்கு இப்படி இருக்கலாம்:

```
கேள்வி: பம்ப் ஏன் நின்று நின்று ஓடுகிறது?
பதில் (என்ஜினியர்): அழுத்தத் தொட்டியின் உள் ரப்பர் பை கிழிந்துள்ளது.
```

கடைசியாக அனுப்பிப் பார்த்துச் சோதிப்பது. உங்கள் ஆபீஸ் முகவரிக்கே அனுப்புங்கள், சொந்த ஜிமெயிலுக்கு வேண்டாம். வந்த மெயிலைத் திறந்து சப்ளையர் பெயர், 4,200, 5,900, முதலாளி பெயர் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் Ctrl+F தேடாது, ஃபார்வர்ட் திறக்கும். தேட F4. ஜிமெயிலிலோ வெப் அவுட்லுக்கிலோ என்றால் கீழே மூன்று புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை விரித்த பிறகுதான் தேட வேண்டும். சுருங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெறுபவர் ஒரு தட்டு தட்டினால் தெரியும்.

பொங்கோல் · மதியம் 1.15

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்ஜினியர் சோதனை அறிக்கையை எக்செல்லில் வைத்திருந்தால் அதுதான் எனக்கு அதிக பயம். எங்கள் ஆபீஸில் ஒரு தடவை மறைத்த தாளோடு கோப்பு கிளையண்டிடம் போனது. தாள் பெயரின் மேல் வலது கிளிக் செய்து Unhide அழுத்தினால் போதும், மொத்தக் கணக்கும் வெளியே வந்துவிடும்.

முதலில் வேறு பெயரில் ஒரு நகல் சேமியுங்கள், ஏனென்றால் அடுத்துச் செய்வதைச் சில நேரம் திரும்பப் பெற முடியாது. நகலில் File, Info, Check for Issues, Inspect Document. மறைத்த தாள், கமெண்ட், ஆசிரியர் பெயர் எல்லாவற்றையும் அது காட்டும். மறைத்த தாளை நீக்கினால் அதிலிருந்து எண் எடுத்த கட்டங்களில் #REF! வரும். அதனால் கிளையண்டுக்கு எக்செல்லே வேண்டும் என்றால் முதலில் எண்களை Values ஆக ஒட்டிவிட்டு நீக்குங்கள். பார்த்தால் போதும் என்றால் அந்த ஒரு தாளை மட்டும் பிடிஎஃப் ஆக்குங்கள், ஏற்றுமதி செய்யும் பெட்டியில் Options உள்ளே Document properties டிக்கை எடுத்துவிடுங்கள்.

உபிக்காரன் · பிற்பகல் 3.30

அக்கா, நீங்கள் சொன்ன இடத்திலேயேதான் இருந்தது. மூன்றாவது மெயிலில் என்ஜினியர் முதலாளியின் வரிகளை மேலே நகலெடுத்திருக்கிறார். ஐந்தாவதில் ஸ்டோர் ஆள் இரண்டாவது மெயிலை அப்படியே ஒட்டியிருக்கிறார். தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாலாவது மெயிலில், முதலில் புகார் செய்த குடியிருப்பாளரின் வீட்டு எண்ணும் கைபேசி எண்ணும். தலைப்பு வரியிலும் "பணம் வரும் வரை நிறுத்தி வை" என்று இருக்கிறது! நான் உள்ளடக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்செல்லில் Costing என்று ஒரு மறைத்த தாள் இருந்தது, பொங்கோல் சொன்னபடி பிடிஎஃப் ஆக்கிவிட்டேன்.

கைபேசி எண் போயிருந்தால் தனிநபர் தரவுச் சட்டப்படி பிரச்சினையா?

ஜூரோங்_அக்கா · மாலை 4.10

ஆபீஸ் முகவரி, ஆபீஸ் எண் போன்ற வியாபாரத் தொடர்பு விவரங்களை 2012 சட்டம் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஒரு குடியிருப்பாளரின் சொந்தக் கைபேசி எண் அப்படி அல்ல, அது தனிநபர் தரவு. நிர்வாக அலுவலகத்திடம் அந்த எண் ஏற்கெனவே இருக்கலாம், ஆனால் கவுன்சில் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அது சுற்றிப் போக வேண்டிய காரணம் இல்லை. எண்ணை எடுத்துவிட்டு "ஒரு குடியிருப்பாளர்" என்று எழுதுங்கள்.

ஒருவேளை போய்விட்டால் உங்கள் கம்பெனியின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் அன்றே சொல்லுங்கள். 2021 பிப்ரவரி 1 முதல் பெரிய கசிவுகளை ஆணையத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்க வேண்டியதுதான் என்று மதிப்பிட்டால் 3 நாள்காட்டி நாட்களுக்குள் சொல்ல வேண்டும். 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டாலோ, யாருக்கேனும் பெரிய தீங்கு வரக்கூடும் என்றாலோ அந்தக் கணக்கில் வரும். ஒரே ஒரு எண் பொதுவாக அதில் வராது, ஆனால் அந்த முடிவை அதிகாரி எடுக்கட்டும், நீங்கள் அல்ல.

தேக்கா வாசகர் · மாலை 4.45

கறுப்புப் பட்டை விஷயம் எனக்குத் தெரியாது, இப்போது சோதித்துப் பார்த்தேன், எழுத்து வந்தது. நன்றி அக்கா. ஆனால் ஒரு சந்தேகம். கிளையண்ட் "மெயிலையே அனுப்பு" என்றுதானே கேட்டார்? புதிதாகத் தட்டச்சு செய்தால் என்ஜினியர் சொன்னதா, இவர் சொன்னதா என்று கேட்க மாட்டார்களா?

ஜூரோங்_அக்கா · மாலை 5.20

கேட்கலாம். அதற்காக அனுப்புநர் பெயர், தேதி வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் உள்ள எழுத்தை மட்டும் மாற்றாதீர்கள். அது என்ஜினியர் எழுதாததை அவர் எழுதியதாகக் காட்டும். நாளை தகராறு வந்து அசல் மெயில் வெளியே வந்தால் நீங்கள் திருத்தியது என்று ஆகிவிடும். "என்ஜினியரின் இந்தத் தேதியிட்ட மெயிலிலிருந்து" என்று எழுதி, வெட்டிய இடத்தில் […] போடுங்கள். என்ஜினியரை Cc-இல் சேர்த்து, அனுப்பும் முன் அவரையே படித்துச் சரி பார்க்கச் சொல்லுங்கள். நான் இதோடு "உள் விலைக் குறிப்புகள் நீக்கப்பட்டுள்ளன" என்றும் ஒரு வரி சேர்ப்பேன்.

பொங்கோல் · மாலை 5.35

அந்த ஒரு வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. விலை என்று சொன்னாலே என்ன விலை என்று கேட்பார்கள். புள்ளிகள் போதும்.

ஜூரோங்_அக்கா · மாலை 5.50

புள்ளிகளுக்கும் காரணம் கேட்பார்கள் தம்பி. முன்கூட்டியே சொல்வது எனக்கு நேர்மையாகப் படுகிறது. முடிவு உங்கள் முதலாளியுடையது.

உபிக்காரன் · புதன், காலை 9.05

அனுப்பிவிட்டேன். புது மெயில், புது தலைப்பு, மூன்று கேள்வி பதில், ஒரு பிடிஎஃப். என்ஜினியர் படித்துப் பார்த்து ஒரு வாக்கியத்தைத் திருத்தினார், நல்லவேளை கேட்டேன். முதலாளி, வெட்டிய இடத்தில் புள்ளி மட்டும் போதும் என்றார். ஆனால் கவுன்சிலில் ஒருவர் அசல் மெயில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்பது இன்னும் தெளிவாகவில்லை. இன்று மாலை கூட்டம் முடிந்ததும் எழுதுகிறேன்.