பேரு வால் அறுந்து போறதுக்கு என்ன சொல்லலாம்? (ஷேப்ஃபைல், 10 பைட்டு)

நீடாமங்கலத்திலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். எங்க பக்கத்துக் கிராமங்கள்ல தூர்வார வேண்டிய வாய்க்கால எல்லாம் இளைஞர்கள வச்சு செல்போன்ல குறிச்சு ஜியோஜேசானா சேர்த்து வச்சிருக்கோம், அதை மாத்துறது எப்படின்னு ஒரு சின்ன கையேடும் தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். அதுல ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். ஜியோஜேசான்ல `புல_எண்`, `புல_உட்பிரிவு`ன்னு ரெண்டு நெடுவரிசை இருந்துச்சு. ஷேப்ஃபைலா மாத்தினா முதல் பேரு `புல_`ன்னு நிக்குது, ரெண்டாவதும் கிட்டத்தட்ட அதேதான், `பு`-வுக்கு அப்புறம் எழுத்து உடைஞ்சு வால்ல ஒரு நம்பர் ஒட்டிக் கெடக்கு. வாங்கின அலுவலகத்துல ஒரே நெடுவரிசை ரெண்டு தடவ வந்திருக்குன்னு நெனச்சு ஒண்ண அழிச்சிட்டாங்க, உட்பிரிவு எண் மொத்தமும் போச்சு. இந்த மாதிரி பேரு பாதியில அறுபடுறதுக்கு ஒரு சொல் வேணும். "புலப் பெயர் வெட்டு"ன்னு எழுதி வச்சிருக்கேன், மனசு ஒப்பல.

கும்பகோணத்திலிருந்து

தம்பி, இது என்கோடிங் பிரச்சன. `.shp` பக்கத்துல அதே பேர்ல ஒரு `.cpg` கோப்பு வச்சு உள்ள `UTF-8`ன்னு ஒரே வரி எழுதிடுங்க, தமிழ் அழகா வரும். நான் எப்பவும் அப்படித்தான் செய்யிறேன், ஒண்ணும் ஆனதில்ல.

திருவாரூரிலிருந்து

நான் ஓய்வு பெற்ற நில அளவர். புலப் பெயர்னு எதையும் வெட்ட வேண்டியதில்ல தம்பி, புலத்துக்கு பேரே கிடையாது, எண்தான். பெரிய புலம்னா உட்பிரிவு செஞ்சு 45/2, 45/2A-ன்னு போடுவோம், புலப்படத்துலயும் அப்படித்தான் இருக்கும். எந்த ஊருன்னு சொன்னா பார்த்துச் சொல்றேன்.

தஞ்சாவூரிலிருந்து

ஐயா சொன்னதப் பார்த்தீங்களா, கையேட்டுல இருக்கிற முதல் கோளாறு அதுதான். கணினிக்காரங்க நெடுவரிசைய "புலம்"னு எழுதிப் பழகிட்டாங்க, டெல்டாவுல புலம்னா வயல், அளவை எண். "புலப் பெயர் 10 பைட்டுக்குள்ள இருக்கணும்"னு எழுதினா படிக்கிறவர் பட்டாவத்தான் தேடுவார். அதனால உங்க கையேட்டுல புலம்ங்கிற சொல்ல அந்தப் பொருள்ல வைக்காதீங்க.

கும்பகோணத்து அண்ணன் சொன்னது பாதி சரி. `.cpg` என்ன செய்யும்னா, `.dbf`-க்குள்ள இருக்கிற பைட்டுகள எந்தக் குறியேற்றத்துல படிக்கணும்னு சொல்லும், அவ்வளவுதான். பேருக்கு எவ்வளவு எடம்னு அது தீர்மானிக்காது. `.dbf`-ல ஒரு நெடுவரிசப் பேருக்கு 10 பைட்டுதான். யூடிஎஃப்-8-ல தமிழ்ல ஒவ்வொரு குறியும் 3 பைட்டு, உயிர்மெய்யா இருந்தா மெய் தனியா 3, கால் கொம்பு புள்ளி தனியா 3. நீங்களே எண்ணிப் பாருங்க:

```
printf 'புல_எண்' | wc -c
```

19-ன்னு வரும். ப 3, உகரக் குறி 3, ல 3, அடிக்கோடு 1, அங்கேயே 10 முடிஞ்சிடுச்சு. ரெண்டு பேருக்கும் முதல் 10 பைட்டு ஒண்ணுதான், அதான் ரெண்டும் `புல_`ன்னு ஒண்ணாகப் பார்க்குது. ரெண்டாவதுக்கு நம்பர் ஒட்டணும்னா இன்னும் ரெண்டு பைட்டு பின்னால போகணும், அப்போ ல-வோட நடுவுல கத்தி விழும், அதான் உடைஞ்சு தெரியுது.

மயிலாடுதுறையிலிருந்து

சொல்லுக்கு வர்றேன். நான் பள்ளியில தமிழ் எடுக்கிறேன். இதுக்கு இலக்கணத்துலயே பேரு இருக்கு: கடைக்குறை. நீலம்ங்கிறது நீல்னு நிக்கிறது கடைக்குறை, தாமரை மரைன்னு வந்தா தலைக்குறை. கடைசிதான் அறுபடுதுன்னா "பெயர்க் கடைக்குறை"ன்னு வைக்கலாம், பிள்ளைங்களுக்கும் உடனே புரியும்.

கும்பகோணத்திலிருந்து

கடைக்குறையில பொருள் மாறாது டீச்சர், நீல்னு சொன்னாலும் நீலம்தான். இங்க பொருளே போயிடுதே, எண்ணும் உட்பிரிவும் ஒண்ணாகுதே. எனக்கு "பெயர் வெட்டு"தான் நேரா இருக்கு. நம்ம பக்கத்துல வெட்டுன்னா வாய்க்கால் வெட்டுறதுதான் ஞாபகம் வரும், அது வேற பிரச்சன. அப்புறம் `.cpg` பத்தி நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், என்னோட நெடுவரிச எல்லாம் `name`, `length`-னு ஆங்கிலத்துல இருந்ததால இதை நான் பார்த்ததே இல்ல.

தஞ்சாவூரிலிருந்து

டீச்சர் சொன்னதுல எனக்கு ஒரு லாபம் தெரியுது. ரெண்டு வேற வேற சேதம் இருக்கு, அதப் பிரிச்சுச் சொல்ல சொல் வேணும். கடைக்குறை பேருக்கு வர்ற சேதம். உள்ள இருக்கிற மதிப்புக்கு வர்றது வேற. `à®`, `à¯`-னு வரிசையா தெரிஞ்சா பயப்படாதீங்க, பைட்டு பத்திரமா இருக்கு, படிக்கிற பக்கம் இலத்தீன்னு நெனச்சிட்டு இருக்கு, அண்ணனோட `.cpg` அங்கதான் வேல செய்யும். ஆனா `????`-னு தெரிஞ்சா எழுதும்போதே தமிழ் போயிடுச்சு, எந்தக் கோப்பு வச்சாலும் வராது. `ogr2ogr`-ல ENCODING குறிக்காம ஷேப்ஃபைல் எழுதினா அது ஐஎஸ்ஓ-8859-1 எடுத்துக்கும், அதுல தமிழுக்கு எடமே இல்ல. `à®`-னு தெரியிறதுக்கு "குறி மயக்கம்", `????`-னு ஆகுறதுக்கு "குறி இழப்பு"ன்னு வைக்கலாமா?

தம்பிக்கு வழி: ஷேப்ஃபைல்தான் வேணும்னு அலுவலகம் கேட்டா, பேர அதுவா அறுக்க விடாதீங்க, நீங்களே சுருக்கிக் குடுங்க.

```
ogr2ogr -lco ENCODING=UTF-8 -sql "SELECT \"புல_எண்\" AS pul_en, \"புல_உட்பிரிவு\" AS pul_utp FROM vaikkal" vaikkal.shp vaikkal.geojson
```

எந்தச் சுருக்கம் எந்தப் பேருன்னு ஒரு சிஎஸ்வி-யில எழுதி அதே ஜிப்புக்குள்ள போடுங்க, திரும்பி வரும்போது அதப் பார்த்து `AS`-ஐ எதிர்த் திசையில மாத்திக்கலாம். கேஎம்எல்லுக்கு இந்த 10 பைட்டு கட்டுப்பாடு இல்ல, தமிழ்ப் பேரு முழுசா போகும். ஆனா அங்க திரும்பப் படிக்கிறப்போதான் வில்லங்கம், ஜிடாலோட பழைய கேஎம்எல் டிரைவர் பேரையும் விவரத்தையும் மட்டும் காட்டி மத்த நெடுவரிசய விட்டுடும். `ogrinfo --formats | grep -i kml` அடிச்சு, அந்த நெடுவரிசையையும் படிக்கிற LIBKML டிரைவர் இருக்கான்னு முதல்ல பாருங்க.

திருவாரூரிலிருந்து

இப்ப புரிஞ்சது. எங்கிட்ட பழைய வாய்க்கால் பட்டியல் ஒண்ணு `.dbf`-ல இருக்கு, திறந்தா `jkpo;`ங்கிற மாதிரி ஆங்கில எழுத்தா வருது. இது அம்மா சொன்ன குறி மயக்கம்தானே? `.cpg` வச்சுப் பார்த்தேன், மாறல.

தஞ்சாவூரிலிருந்து

இல்லைங்க ஐயா, அது பாமினி எழுத்துருவுல தட்டினது. கோப்புக்குள்ள நெசமாவே `jkpo;`தான் இருக்கு, பாமினி எழுத்துரு போட்டுப் பார்த்தா தமிழ்னு வடிவம் தெரியும். குறியேற்றம் மாத்திப் பிரயோஜனம் இல்ல, பாமினியிலேருந்து ஒருங்குறிக்கு ஒவ்வொரு மதிப்பா மாத்தணும். ஆனா அதுக்கு முன்ன ஊர்ப் பேரு நெடுவரிச எது, எண் நெடுவரிச எதுன்னு பிரிச்சுக்கணும், 45/2A-வ மாத்திட்டா அந்த A-வும் தமிழ் எழுத்தா ஆயிடும். அசல தொடாம நகல்ல செய்யுங்க.

நீடாமங்கலத்திலிருந்து

அக்கா சொன்ன மாதிரி செஞ்சு பார்த்தேன், `pul_en`, `pul_utp` ரெண்டும் தனித்தனியா நிக்குது, மதிப்பு எல்லாம் தமிழாவே இருக்கு. ஷேப்ஃபைல்லேருந்து திரும்ப ஜியோஜேசானாக்கி ரெண்டையும் பக்கத்துல வச்சு கோரையாத்து கரை வாய்க்கால் மட்டும் வரிசையா சரிபார்த்தேன், உட்பிரிவு ஒண்ணும் மாறல. ஜூன் 12 மேட்டூர் திறக்கிறதுக்குள்ள மத்ததையும் பார்த்துடுவேன்.

கையேட்டுல "பெயர்க் கடைக்குறை", "குறி மயக்கம்", "குறி இழப்பு" மூணும் எழுதிட்டேன். கும்பகோணத்து அண்ணன் இன்னும் வெட்டுலதான் நிக்கிறார், அதனால கடைக்குறை பக்கத்துல "பெயர் வெட்டு என்றும் சொல்வர்"னு ஒரு வரி சேர்த்திருக்கேன். நெடுவரிசன்னு எழுதினா கேஎம்எல்லுக்குப் பொருந்தல, அதுல வரிசையே இல்ல, ஒவ்வொரு இடக்குறிக்குள்ளயும் தனித்தனியா இருக்கு. "பண்பு"ன்னு போட்டா டீச்சருக்கு பண்புப்பெயர் ஞாபகம் வருதாம். இதுக்கு யாராவது ஒரு சொல் சொல்லுங்க, அந்த எடத்த மட்டும் காலியா விட்டு வச்சிருக்கேன்.