புதுப்பிப்பு: ஏஐசி-யில் முதலிடம் வந்த தவளை எண்ணிக்கை மாதிரி

முன்பு கேட்டது: "60 குளங்களில் தவளை எண்ணிக்கை. ஆழமும் மீனும் உள்ள பாய்சான் மாதிரிக்கு அடுத்ததைவிட ஏஐசி 9 குறைவு. இதையே எடுத்துக்கொள்ளலாமா?"

ஒருவர் "9 என்றால் கேள்வியே வேண்டாம்" என்றார். பட்டியலில் உள்ளவற்றை ஒப்பிடும் வரை அது சரிதான். ஆனால் எல்லா மாதிரிகளும் மோசமாக இருந்தாலும் ஏதோ ஒன்று முதலிடம் பிடிக்கும்; ஏஐசி அதைச் சொல்லாது.

மூத்த சூழலியலாளர் ஒருவர் அந்தப் பாய்சான் மாதிரியின் (`m`) பியர்சன் எச்சங்களைப் பார்க்கச் சொன்னார்:

```r
sum(resid(m, type = "pearson")^2) / df.residual(m)
```

1-ஐ ஒட்டி வரவேண்டியது 7.2 வந்தது. தவளைகள் கும்பலாக இருப்பதால் சிதறல் பாய்சான் அனுமதிப்பதைவிட மிக அதிகம். அந்த 9 புள்ளி இடைவெளியையும் இதுவே ஊதிப் பெருக்கியிருந்தது.

அதிகச் சிதறலை அனுமதிக்கும் எதிர்ம ஈருறுப்பு மாதிரியை `MASS` தொகுப்பின் `glm.nb` கொண்டு மறுபடி பொருத்தினேன். ஏஐசி வெகுவாக இறங்கியது. ஆனால் ஆழம், மீன் எதுவும் இல்லாத வெற்று மாதிரிக்கும் இதற்கும் இடைவெளி வெறும் 1.2. தவளை நிறைந்த குளங்களுக்கெல்லாம் கணிப்பு குறைவாகவே வருகிறது. நீர்த்தாவரப் பரப்பை அளக்காததுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

தன் பூச்சித் தரவில் பூஜ்ஜியங்களே அதிகம் என்ற நண்பருக்கு: அது தனிப் பிரச்சினை. பக்கத்துக் குளங்கள் ஒன்றையொன்று சார்ந்தவையா என்பது இங்கும் இன்னும் முடிவாகவில்லை.